பவணந்தியாரின் நாற்பது உருபும் நம் பிள்ளைகளின் பயிற்சித்தாளும்

இம்மலரைக் கையில் எடுத்திருக்கும் பெற்றோர் பலருடைய வீட்டில் இப்போது ஒரு தாள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் கொடுத்ததாகவோ, சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் உறவினர் அனுப்பியதாகவோ இருக்கலாம். தாளின் மேல் பாதியில் "ஒருமை, பன்மை" என்று தலைப்பிட்டு, மரம் + கள் = ........ என்று பத்து வரி இருக்கும். கீழ்ப் பாதியில் "வேற்றுமை உருபுகள்" என்று தலைப்பிட்டு ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று ஒரு கட்டம் போட்டு, மரம் + ஐ = ........ என்று இன்னும் பத்து வரி இருக்கும். பிள்ளை கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும்.

பிள்ளை என்ன எழுதுகிறது? மரம்கள், மரமை, வீடை, ஆறுக்கு, கல்கள். ஆசிரியர் சிவப்பு மையால் அடிக்கிறார். "வீட்ல தமிழ்தானே பேசுறோம், இது கூடத் தெரியலையா?" என்று தாயார் வருத்தப்படுகிறார். அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் இல்லை, தாளில்தான் ஒரு கட்டம் விடுபட்டிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. அந்தக் கட்டம் எங்கே விடுபட்டது என்று தேடினால் எழுநூறு எண்ணூறு ஆண்டு இலக்கண வரலாறு கண்ணுக்குத் தெரிகிறது. அதைச் சுருக்கமாகச் சொல்லிப் பிறகு தாளுக்கு வருகிறேன்.

நம் பிள்ளைகள் யார்?

சித்தூர் மாவட்டம் 1911-இல் வட ஆற்காட்டின் பகுதிகளையும் கடப்பையின் பகுதிகளையும் சேர்த்து அமைக்கப்பட்டது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அம்மாநிலத்தோடு போயிற்று. 1960-இல் திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. சித்தூர், திருப்பதி, புத்தூர், நகரி, குப்பம் ஆகியவை இங்கேயே நின்றன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமும் ஆயிற்று. ஆகவே நம்மில் பிழைப்புக்காக இடம் பெயர்ந்து வந்தவர்களும் உண்டு. இருந்த இடத்திலேயே இருக்க, மாநிலம் பெயர்ந்தவர்களும் உண்டு.

இரு சாராரின் பிள்ளைகளுக்கும் நிலைமை ஒன்றுதான். வீட்டில் தமிழ் பேசுவார்கள். தெருவிலும் பள்ளியிலும் தெலுங்கு. பாடம் பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ் எழுத்து மட்டும் பத்து வயதுக்கு மேல்தான் கைக்கு வருகிறது. அதாவது வாய்க்குத் தமிழ் தெரியும், கைக்குத் தெரியாது. லண்டனிலும் டொராண்டோவிலும் வளரும் பிள்ளைகளிடமிருந்து நம் பிள்ளைகள் வேறுபடுவது இங்கேதான். அதைப் பிறகு பார்ப்போம்.

நாற்பது உருபு

தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் நன்னூல் என்றால் எனக்குத் தனிப் பற்று உண்டு. அதை இயற்றிய பவணந்தி முனிவர் சமணத் துறவி. மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில், சீயகங்கன் என்னும் கங்கர் குலச் சிற்றரசன் கேட்டுக்கொள்ள இந்நூலைச் செய்தார். கங்கர் மரபினர் கோலாரைத் தம் பழைய தலைநகராகக் கொண்டவர்கள். குப்பத்திலிருந்து கோலார்ப் பக்கம் எவ்வளவு தூரம் என்று நம்மவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனவே நன்னூல் நமக்கு ஒன்றும் தூரத்து உறவு இல்லை.

நன்னூலின் எழுத்ததிகாரத்தில் கடைசி இயலுக்கு உருபு புணரியல் என்று பெயர். அதன் தொடக்கத்தில் பவணந்தியார் ஒரு கணக்குச் சொல்கிறார். ஒருவன், ஒருத்தி, பலர், ஒன்று, பல எனப் பெயர்கள் ஐந்து வகை. வேற்றுமை எட்டு. ஐந்தை எட்டால் பெருக்கினால் உருபு நாற்பது. வியாபாரியாகிய எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். மேலே எட்டு, பக்கத்தில் ஐந்து என்று கோடு போட்டால் நாற்பது அறைகள் கொண்ட கட்டம் வந்துவிடுகிறது. நம் பிள்ளைகளின் பயிற்சித்தாளும் அப்படிப்பட்ட ஒரு கட்டம்தானே!

இந்தக் கட்டத்தில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஐந்து வரிசையிலும் அதே எட்டு உருபுகள்தான் வருகின்றன. ஒருமைக்கு ஓர் 'ஐ', பன்மைக்கு வேறோர் 'ஐ' என்பது தமிழில் கிடையாது. மரத்தை, மரங்களை, அவனை, அவளை, அவர்களை எல்லாவற்றிலும் அதே ஐ. வடமொழியில் அப்படி இல்லை. அங்கே எண்ணும் வேற்றுமையும் ஒரே விகுதிக்குள் கலந்திருக்கும். ஒருமை, இருமை, பன்மை மூன்றுக்கும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் பாதிரியாரும் இந்த வேறுபாட்டை எடுத்துக் காட்டியிருக்கிறார். தமிழ் உருபு மாறாது; உருபு ஏற்கும் பெயரின் வடிவம்தான் மாறும்.

அப்படியானால் பிள்ளை கற்க வேண்டியது உருபுப் பட்டியலையா, பெயரின் வடிவ மாற்றத்தையா? ஆறு உருபுகளைப் பத்து நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். சிக்கல் முழுதும் இரண்டாவதில்தான் இருக்கிறது.

இலக்கணம் எங்கே வைத்தது, தாள் எங்கே விட்டது

மரம் என்பதோடு ஐ சேரும்போது இடையில் 'அத்து' என்னும் சாரியை வருகிறது. மரம் + அத்து + ஐ, மரத்தை. வீடு என்பதோடு சேரும்போது டகரம் இரட்டிக்கிறது: வீட்டை. இவை இரண்டும் நன்னூலில் உள்ளன. ஆனால் ஒரே இடத்தில் இல்லை.

ஐ, ஆல், கு முதலிய உருபுகளும் அவற்றின் பொருளும் சொல்லதிகாரத்தில் பெயரியலில் இருக்கின்றன. அத்து, இன், அற்று முதலிய 17 பொதுச் சாரியைகள் எழுத்ததிகாரத்தில் உருபு புணரியலில் இருக்கின்றன. டு, று என முடியும் சொற்கள் இரட்டிக்கும் விதி அதே எழுத்ததிகாரத்தில், அதற்கும் முன்னால், உயிரீற்றுப் புணரியலில் இருக்கிறது. தொல்காப்பியத்திலும் இதே பிரிவினைதான். வேற்றுமையியல் சொல்லதிகாரத்தில், உருபியல் எழுத்ததிகாரத்தில். ஆக, "மரத்தை", "வீட்டை" என்ற இரண்டு சொற்களை எழுத மாணவன் நூலின் மூன்று இடங்களைப் புரட்ட வேண்டும்.

பழைய காலத்தில் இது குறையே இல்லை. திண்ணைப் பள்ளியில் நன்னூல் படித்தவன் முழு நூலையும் நெட்டுருப் போட்டவன். அதைவிட முக்கியம், அவன் தமிழ் மட்டுமே பேசி வளர்ந்தவன். "மரத்தை" என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தான் ஏற்கெனவே சரியாகச் சொல்கிற சொல்லுக்கு அறிவுபூர்வமான காரணத்தைத்தான் சூத்திரத்தில் அவன் கற்றான். தமிழ் தெரிந்தவனுக்குத் தமிழைப் பற்றிச் சொல்லும் நூல் நன்னூல்.

தமிழ் தெரியாதவனுக்கு நூல் செய்தவர்கள் வேறு வழியில் போனார்கள். தரங்கம்பாடியில் இருந்த சீகன்பால்கு பாதிரியார் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியில் ஹாலே நகரில் அச்சாயிற்று. கப்பலேறி வரப்போகும் பாதிரிமார்களுக்காக எழுதியது அது. பெயர்ச்சொற்களை லத்தீன் முறைப்படி வேற்றுமை வாரியாக, உருபு சேர்ந்த முழுச்சொல்லாகவே அடுக்கிக் காட்டினார்கள். உருபு தனி, சாரியை தனி என்று பிரித்துக் கொடுத்தால் அயலான் சேர்க்கத் தெரியாமல் திண்டாடுவான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏனெனில் அவர்களே அயலார். தாங்களே திண்டாடிக் கற்றவர்கள்.

ஆக இரண்டு மரபுகள் உண்டு. தமிழ் பேசுகிறவனுக்கு உருபையும் புணர்ச்சியையும் பிரித்துக் காட்டும் சூத்திர மரபு ஒன்று. அயலானுக்கு முழுச்சொல்லை அடுக்கிக் காட்டும் மரபு மற்றொன்று. இன்றைய பயிற்சித்தாள் என்ன செய்கிறது? சொல்லதிகாரத்துப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எழுத்ததிகாரத்தை விட்டுவிடுகிறது. ஒரு பக்கத்தாளில் இடம் இல்லை. அதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை. பிறகு அந்தப் பாதிப் பட்டியலைப் பாதி அயலாராக வளரும் பிள்ளைகளிடம் கொடுத்து, "சேர்த்து எழுது" என்கிறது. இரண்டு மரபிலும் இல்லாத மூன்றாவது வழி இது.

ஒரு தாளைப் பார்ப்போம்

திருப்பதியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்குழந்தையின் தாள் இது. வீட்டில் தமிழ் நன்றாகப் பேசுவாள். ஆறு கேள்விகளுக்கு அவள் எழுதிய விடை இப்படி இருந்தது:

மரம் + இல் = மரமில்
வீடு + கு = வீடுக்கு
ஆறு + இல் = ஆறில்
மலை + ஐ = மலையை
பையன் + ஐ = பையனை
புத்தகம் + ஐ = புத்தகமை

ஆறில் இரண்டுதான் சரி. தாளை மூடிவைத்துவிட்டு அவளிடம் வாய்மொழியாகச் சில கேள்விகள் கேட்கப்பட்டன. "குரங்கு எதுல ஏறுச்சு?" "மரத்துல." "பள்ளிக்கூடம் விட்டா எங்க போவே?" "வீட்டுக்கு." "மீன் எங்க இருக்கும்?" "ஆத்துல." "பையில எதை வெச்சே?" "புத்தகத்தை." நான்கும் சரி. எழுத்தில் எந்த நான்கு தவறோ, அதே நான்கு வாயில் சரியாக வருகின்றன.

பெற்றோர் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. வாய் "மரத்துல" என்று சொல்லி, கை "மரமில்" என்று எழுதினால் பிள்ளையிடம் குறை இல்லை. கூட்டல் குறியைப் பார்த்ததும் பிள்ளை அதைக் கணக்குப் பாடம் என்று நினைத்துக்கொள்கிறது. ரெண்டையும் அப்படியே ஒட்டிவிடுகிறது. "நீ சொல்றதைத்தான் எழுதணும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதிச் சிக்கல் அன்றைக்கே தீர்ந்துவிடும். ஆனால் வாயே "மரம்ல", "வீடுல" என்று சொன்னால் விஷயம் வேறு. கடல் கடந்து, ஆங்கிலமே முதல் மொழியாக வளரும் பிள்ளைகள் பலர் அப்படிச் சொல்வதைக் கேட்கலாம். அவர்களுக்கு முழுச்சொல்லைக் காதில் விழும்படி பலமுறை சொல்லிவிட்டுத்தான் எழுத்துக்குப் போக வேண்டும். தாள் அவர்களுக்கு முதல் வேலை அன்று, இரண்டாவது வேலை.

தெலுங்கு செய்யும் உதவி

நம் பிள்ளைகளிடம் இன்னொரு மூலதனம் இருக்கிறது. அதை நாம் கடன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதுதான் தெலுங்கு.

தெலுங்கில் வீட்டுக்கு இல்லு என்று பெயர். "வீட்டுக்கு" என்பதை "இல்லுகு" என்று எந்தத் தெலுங்குக் குழந்தையும் சொல்லாது. இண்டிகி என்றுதான் சொல்லும். வீட்டில் என்பதற்கு இண்ட்லோ. புஸ்தகம் என்பதோடு கு சேர்ந்தால் புஸ்தகானிகி. அதாவது உருபு சேருமுன் பெயர் தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. சின்னயசூரியின் பாலவியாகரணம், 1858-ஆம் ஆண்டு நூல், இப்படி இடையில் வருவதை ஔபவிபக்திகம் என்று பெயரிட்டுக் கூறுகிறது. நம் சாரியைக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே சித்தூர்ப் பிள்ளைக்கு நூறு விதி சொல்வதைவிட இரண்டு வரி எழுதிக் காட்டினால் போதும்:

இல்லு – இண்டிகி
வீடு – வீட்டுக்கு

பிள்ளை பார்த்தவுடன் பிடித்துக்கொள்ளும். "ஓ, இங்கேயும் உள்ளே மாறுதா!" என்று அதுவே சொல்லும். ஒரு வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். தெலுங்கில் பன்மைப் பெயரும் உருபுக்கு முன் மாறும்: புஸ்தகாலு, ஆனால் புஸ்தகாலகு. தமிழில் கள் மாறாது: புத்தகங்கள், புத்தகங்களுக்கு. கு உருபுக்கு முன் ஓர் உகரம் மட்டும் நுழைகிறது.

பன்மை: எது முதலில்?

இந்த இடத்தில் நம் தாள்களின் வரிசையே மாற வேண்டும் என்பது என் எண்ணம். வழக்கமாக ஒருமைக்கு உருபு சேர்க்கச் சொல்லிவிட்டுப் பிறகுதான் பன்மைக்குச் சேர்க்கச் சொல்வார்கள். ஒருமை எளிது, பன்மை கடினம் என்ற நினைப்பு. தமிழில் நிலைமை தலைகீழ். மரம், வீடு, ஆறு மூன்றும் ஒருமையில் மூன்று விதமாக மாறுகின்றன: மரத்தை, வீட்டை, ஆற்றை. பன்மையில் மூன்றும் ஒரே வழியில் போகின்றன: மரங்களை, வீடுகளை, ஆறுகளை. கள் வந்துவிட்டால் சாரியைத் தொல்லை இல்லை, இரட்டிப்பும் இல்லை. மரங்களை, மரங்களால், மரங்களோடு, மரங்களுக்கு, மரங்களின், மரங்களில் என்று படிக்கட்டு போல இறங்கிக்கொண்டே போகலாம். அவை, பல போன்ற சில சொற்கள் மட்டும் அவற்றை, பலவற்றை என்று அற்றுச் சாரியை பெறும்.

கள் சேர்க்கும்போதே உள்ள சிக்கல்களை நான்கு வரியில் அடக்கிவிடலாம். மகரத்தில் முடிந்தால் ங் ஆகும்: மரங்கள், படங்கள். தனிக்குறிலை அடுத்து ல், ள் வந்தால் மாறும்: கல், கற்கள், முள், முட்கள். நெடிலை அடுத்து வந்தால் மாறாது: கால்கள், தேள்கள். நெடிலில் முடியும் பூ, ஈ போன்ற சொற்களும், பசு போன்ற முற்றுகரச் சொற்களும் ககரம் இரட்டிக்கும்: பூக்கள், ஈக்கள், பசுக்கள். ஆடு, வண்டு போன்ற குற்றியலுகரச் சொற்கள் இரட்டிக்காது: ஆடுகள், வண்டுகள்.

நாள்கள் என்பதே விதிப்படி சரி. ஆனால் நாட்கள் என்று அச்சில் ஏராளமாக வருகிறது. எழுத்துகளா எழுத்துக்களா, வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்பதில் புலவர்களே இரு கட்சி. இப்படிப்பட்ட சொற்களைப் பிள்ளைகளின் தாளில் போடவே கூடாது. பெரியவர்கள் தீர்க்காத வழக்கில் குழந்தைக்கு எதற்கு மதிப்பெண் குறைப்பது?

பத்து மூட்டையும் பத்து மூட்டைகளும்

இன்னொரு சிவப்பு மைக்குறியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "மூன்று மரம்" என்று எழுதிய பிள்ளைக்குத் தவறு போட்டு, "மூன்று மரங்கள்" என்று திருத்துகிறார்கள். ஆங்கிலத்தில் எண் வந்தால் பன்மை விகுதி கட்டாயம். தெலுங்கிலும் பெரும்பாலும் அப்படியே. தமிழில் அப்படி இல்லை.

தொல்காப்பியர் காலத்தில் கள் என்பது அஃறிணைப் பெயருக்கு உரியது. அதுவும் வேண்டும் இடத்தில் வரலாம் என்ற அளவில்தான். மக்களைச் சொல்ல அர், ஆர், மார் போன்றவை இருந்தன. பிறகு கள் மெல்ல மெல்ல உயர்திணைக்கும் ஏறியது. நன்னூலார் பலர்பால் பெயர்களின் ஈறுகளைச் சொல்லும்போது கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். அதற்குள் வழக்கு அவ்வளவு தூரம் மாறிவிட்டது என்று பொருள். அதன் பிறகு அவர்கள் என்று ஒருவரையே மரியாதையாகச் சொல்லவும் இந்தக் கள் பயன்பட்டது. ஆனால் அஃறிணையில் பழைய சுதந்திரம் போகவில்லை. கள் இல்லாத அஃறிணைப் பெயர் ஒன்றுக்கும் பலவுக்கும் பொது என்பதை நன்னூலாரும் கூறுகிறார். மாடு வந்தது, மாடு வந்தன இரண்டும் சரி. ஒன்றா பலவா என்பதை வினைச்சொல் சொல்லிவிடும், அல்லது எண்ணுப்பெயர் சொல்லிவிடும்.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் கோயில் விளக்குக்கு விட்ட ஆடுகளைப் பற்றி நிறையச் செய்தி உண்டு. ஒரு நந்தா விளக்குக்கு 90 அல்லது 96 ஆடு என்று கணக்கு. அங்கெல்லாம் ஆடு என்றுதான் வெட்டியிருக்கும். ஆடுகள் என்று இராது. என் கடைப் பேரேட்டிலும் "அரிசி 10 மூட்டை" என்றுதான் எழுதுவேன். "10 மூட்டைகள்" என்று எழுதினால் கணக்குப்பிள்ளை சிரிப்பார். எனவே "மூன்று மரம்" என்று எழுதிய பிள்ளை கல்வெட்டு எழுதிய தச்சனோடு சேர்ந்து எழுதுகிறது. தவறு போட வேண்டாம். ஆனால் உயர்திணையில் இந்தச் சலுகை கிடையாது. "மூன்று பையன் வந்தார்கள்" என்பது எழுத்தில் செல்லாது. மூன்று பையன்கள் என்றே எழுத வேண்டும்.

உருபுப் பட்டியலில் பழையதும் புதியதும்

தாளில் உள்ள ஆறு உருபுகளில் சில இன்று அப்படியே வழங்குவதில்லை. தொல்காப்பியர் மூன்றாம் வேற்றுமைக்கு ஒடு என்று பெயர் வைத்தார். நன்னூலார் ஆல், ஆன், ஓடு, ஒடு என நான்கைச் சொன்னார். இன்றைய தாள் ஆல் ஒன்றையே போடுகிறது. "அம்மாவோட போனேன்" என்று பேசும் பிள்ளை, ஓடு பட்டியலில் இல்லாததைக் கண்டு "அம்மாவால் போனேன்" என்று எழுதிவைக்கிறது.

ஏழாம் வேற்றுமைக்குத் தாள் கண் என்கிறது. நன்னூலில் கண் முதல் இல் வரை 28 சொற்கள் ஏழாம் வேற்றுமைக்கு உண்டு. முதலில் நிற்கும் கண் இன்று பேச்சில் இல்லை; கடைசியில் நிற்கும் இல் என்பதுதான் ஆட்சி செய்கிறது. ஐந்தாம் வேற்றுமைக்கு இன் என்று போட்டால் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. "வீட்லேர்ந்து" என்று அது பேசுகிறது, எழுத்தில் வீட்டிலிருந்து. இதைப் பக்கத்தில் போட வேண்டும். வழக்கு மாறியபோது பட்டியலை விரித்துக் கொடுத்தவர் பவணந்தியார். அவர் பெயரால் வரும் தாள் சுருக்கிக் கொடுப்பது பொருந்தாது.

எப்படி இருக்க வேண்டும் தாள்?

விடுபட்ட கட்டத்தைத் திரும்பச் சேர்ப்பதுதான் வழி. மூன்று கட்டத்துக்குப் பதில் நான்கு போட வேண்டும்: பெயர், உருபு ஏற்கும் வடிவம், உருபு, முழுச்சொல்.

மரம் – மரத்து – ஐ – மரத்தை
வீடு – வீட்டு – கு – வீட்டுக்கு
ஆறு – ஆற்று – இல் – ஆற்றில்
மலை – மலை – ஐ – மலையை
நான் – என் – ஓடு – என்னோடு

இரண்டாம் கட்டத்தைத் தொடக்கத்தில் ஆசிரியரே நிரப்பிக் கொடுக்கலாம். பிள்ளை பேசுவதைக் காதால் கேட்டு, அந்த வடிவத்தை அதுவே கண்டுபிடிக்கும்படி பிறகு விட்டுவிடலாம். "ஆத்துல" என்று சொல்லும் பிள்ளைக்கு "த்து என்று கேட்பது எழுத்தில் ற்று" என்று ஒரு குறிப்புக் கொடுத்தால் ஆற்றில், கிணற்றில், சேற்றில் மூன்றும் ஒரே நாளில் வந்துவிடும்.

தாள்களின் வரிசையும் இப்படி இருக்கலாம். முதல் தாளில் கள் சேர்த்த பெயர்களுக்கு உருபு. இரண்டாம் தாளில் வடிவம் மாறாத மலை, பையன், வண்டி, கல் போன்றவை. இவற்றில் மலையை, வண்டியை என யகரம் வருவதும், கல்லை என ஒற்று இரட்டுவதும் பழக்கமாகும். மூன்றாம் தாளில் மகரத்தில் முடிபவை மட்டும். நான்காம் தாளில் டு, று என முடிபவை. இதில் நண்டு, கன்று, பாட்டு போன்றவை இரட்டாமல் நண்டை, கன்றை, பாட்டை என நிற்பதையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். டு, று-க்கு முன்னால் உயிரோசை இருந்தால் இரட்டும், மெய் இருந்தால் இரட்டாது. பெரும்பாலான சொற்களுக்கு இந்த ஒரு வரி போதும். ஐந்தாம் தாளில் நான், நீ, நாம், அவை போன்ற பெயர்கள். ஒரு தாளுக்கு ஆறு சொல்லுக்கு மேல் வேண்டாம். கலந்து கொடுக்கும் தாள் கடைசியில் வரட்டும்.

மரத்துக்கு என்று எழுதினாலும் மரத்திற்கு என்று எழுதினாலும் இரண்டும் சரியே. பின்னதில் அத்தோடு இன் சாரியையும் சேர்ந்திருக்கிறது. சாரியை சில இடத்தில் வரும், சில இடத்தில் வராது, சில இடத்தில் இரண்டுமாக இருக்கும் என்பது பவணந்தியாரே கொடுத்த சலுகை. விடைத்தாளிலும் அந்த இரண்டையும் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் வீட்டில் தாயார் ஒன்று சொல்ல, வகுப்பில் ஆசிரியர் வேறொன்று சொல்ல, குழந்தை இருவரில் யாரோ ஒருவருக்குத் தமிழ் தெரியாது என்று முடிவு கட்டிவிடும்.

2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக இருக்கும் நிறுவனமும், பல நாட்டுத் தமிழ்ப் பள்ளிகளும் பாடங்களை வெளியிட்டுக்கொண்டிருக்கின்றன. எங்கிருந்து தாள் வந்தாலும் பிள்ளையிடம் கொடுக்குமுன் ஓர் அளவுகோலும் ஒரு பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயருக்கும் உருபுக்கும் நடுவே இருக்கும் கூட்டல் குறியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கட்டம் போட்டுக் கொடுங்கள். நாற்பது உருபின் கணக்கோடு பவணந்தியார் தொடங்கிய அதே உருபு புணரியலில், சாரியைகளை வைத்திருக்கும் இடம் அதுதான்.